வீட்டுக்கு ஒரு சொல்

2023 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு தாய், நடன வகுப்பு முடிந்து சின்ன மகளைக் கூட்டிவரப் போயிருந்தார். பதினைந்து வயது மூத்த மகள் பனிச்சறுக்குப் பயிற்சிக்காக அப்பாவுடன் வெளியூரில் இருந்தாள். காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது கைப்பேசி அடித்தது. எண் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பனியில் சறுக்கப் போன பிள்ளைக்கு ஏதாவது அடிகிடி பட்டிருக்குமோ என்று தோன்றவே எடுத்தார்.

மறுமுனையில் மகள் விம்மிக்கொண்டிருந்தாள். தப்புப் பண்ணிவிட்டேன் என்றாள். என்ன ஆச்சு என்று கேட்பதற்குள், கெட்டவர்கள் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், காப்பாற்று என்று கதறினாள். உடனே ஓர் ஆணின் குரல் குறுக்கே வந்தது. போலீசுக்குச் சொன்னாலோ வேறு யாரிடமாவது வாய் திறந்தாலோ உன் மகளைத் திரும்பப் பார்க்க மாட்டாய் என்று மிரட்டியது. பத்து லட்சம் டாலர் கேட்டான். அவ்வளவுக்கு வழியே இல்லை என்று அந்தத் தாய் அழுததும் ஐம்பதாயிரத்துக்கு இறங்கினான். ரொக்கமாக வேண்டும், வேனில் ஏற்றிக்கொண்டு போவோம், தலையில் துணி மூடியிருக்கும் என்றெல்லாம் சொன்னான்.

அந்தப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டே நடனக்கூடத்துக்குள் ஓடினார். அங்கே இருந்த மற்ற தாய்மார்கள்தான் அவரைக் காப்பாற்றினார்கள். ஒருவர் தன் போனிலிருந்து காவல்துறையின் அவசர எண்ணைக் கூப்பிட்டார். இது செயற்கை நுண்ணறிவால் குரலை நகலெடுத்துச் செய்கிற மோசடியாக இருக்கலாம் என்று அங்கே உடனே சொல்லிவிட்டார்கள். தாய் நம்பவில்லை. குரல் மட்டுமா, அவள் விம்முகிற விதமே என் மகளுடையது என்றார். இன்னொரு தாய் அதற்குள் அந்தப் பெண்ணின் கணவரைப் போனில் பிடித்துவிட்டார். மூத்த மகள் படுக்கையில் ஓய்வாக இருந்தாள். அவளே பேசிய பிறகுதான் தாய்க்கு உயிர் வந்தது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க செனட்டின் ஒரு குழுவின் முன் அவர் இதையெல்லாம் சாட்சியமாகச் சொன்னார்.

இந்தச் சாட்சியத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகளின் குரல் ஒலித்தது சில நொடிகள்தான். மீதி நேரம் முழுக்கப் பேசியது அந்த ஆண். இப்படிப்பட்ட அழைப்புகளில் அந்தக் குரல் அழும், கெஞ்சும், இரண்டு வாக்கியம் சொல்லும். அதற்குள் போன் வேறொருவர் கைக்கு மாறிவிடும். ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால், எதைக் கேட்டால் இந்த நாடகம் நின்றுபோகும் என்பதும் புரியும்.

குரலை நகலெடுக்க எவ்வளவு பேச்சு வேண்டும்? 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஒரு மென்பொருளைப் பற்றி எழுதியபோது மூன்று நொடிப் பதிவு போதும் என்றார்கள். மூன்று நொடியில் ஒருவர் குரலை எப்படிக் கற்க முடியும் என்று வியப்பாக இருக்கும். நம் ஊர்த் தையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சட்டை தைக்கத் தெரியும், ஆயிரம் சட்டை தைத்தவர். நீங்கள் போய் நின்றால் நாலு அளவு எடுத்தால் போதும். அந்த மென்பொருளும் அப்படித்தான். ஏறத்தாழ 60,000 மணி நேர ஆங்கிலப் பேச்சைக் கேட்டு, மனிதர் எப்படிப் பேசுவார் என்று முன்பே பழகியிருக்கிறது. உங்கள் மகளின் குரல் மற்றவர்களிடமிருந்து எதில் வேறுபடுகிறது என்கிற அளவு மட்டுமே அதற்குத் தேவை. அந்த அளவு இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் கிடைக்கிறது. கல்லூரி ஆண்டு விழா யூடியூப் பதிவில், கல்யாண வீடியோவில் கிடைக்கிறது. அரிசோனா மகள் சமூக ஊடகத்தில் பெரிதாக எதுவும் போட்டவள் அல்ல. பள்ளிக்கும் விளையாட்டுக்கும் கொடுத்த ஒன்றிரண்டு பேட்டிகள்தான் வெளியே இருந்தன.

அளவெடுத்த பிறகு இரண்டு வழி உண்டு. ஒன்று, சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்தால் அந்தக் குரலில் பேச வைப்பது. இதை முன்கூட்டியே செய்து ஒலிக்கோப்பாக வைத்துக்கொள்ளலாம். எதிர்பாராத கேள்வி வந்தால் மட்டும் மறுபடி எழுதித் தர வேண்டும், பதில் தடுமாறும். மற்றொன்று, மோசடிக்காரன் பேசப் பேச அவன் குரலையே உங்கள் மகள் குரலாக மாற்றுவது. இதில் உரையாடல் நடக்கும். ஆனால் உங்கள் குடும்பத்தைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாதே. முதல் வழியோ இரண்டாம் வழியோ, நகல் குரலை நீண்ட நேரம் பேச விட்டால் ஆபத்து அவர்களுக்குத்தான். அதனால்தான் அழுகை, உடனே கைமாற்றம்.

நம் நாட்டில் கைமாறுவது பெரும்பாலும் போலீஸ் வேடத்துக்கு. உங்கள் பையன் ஒரு வழக்கில் மாட்டியிருக்கிறான், நண்பர்களோடு பிடிபட்டான், எஃப்ஐஆர் போடுவதற்கு முன் முடித்துக்கொள்ளலாம் என்று ஓர் அதட்டும் குரல். பின்னணியில் பையன் அழுகிற சத்தம். வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் காக்கிச் சட்டை. அரசு அதிகாரிபோல் நடித்து +92 போன்ற வெளிநாட்டு எண்களிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புகளைப் பற்றி 2024 மார்ச்சில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை எச்சரித்தது. குரல் நகல் மோசடியைக் குறித்துத் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவும் அதே ஆண்டில் எச்சரிக்கை விட்டது.

சரி, பெற்ற தாய்க்குப் பிள்ளை குரல் தெரியாதா? எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான். தெரியாது என்பதே என் பதில். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2023இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். நிஜப் பேச்சையும் கணினி செய்த பேச்சையும் கேட்கவைத்து எது எது என்று சொல்லச் சொன்னார்கள். சரியாகச் சொன்னது 73 சதவீதம்தான். அதுவும், ஏமாற்று இருக்கிறது என்று முன்பே தெரிந்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள். நடுராத்திரி அடித்த போனை நெஞ்சு படபடக்க எடுத்தவர்கள் அல்ல.

போதாததற்குப் போனே மோசடிக்காரனுக்கு ஒத்தாசை செய்கிறது. பழைய வகைத் தொலைபேசித் தடம் மனிதக் குரலில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்குமான பகுதியை மட்டும்தான் கடத்தும். மெல்லிய மூச்சொலியும், ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகளின் கூர்மையும் அதற்கு மேலே இருக்கின்றன. செயற்கைக் குரல் பிசகுகிற நுட்பங்களில் பல அந்தப் பகுதியில்தான். போனில் அது வெட்டுப்பட்டுப் போகிறது. மிச்சமிருக்கும் சந்தேகத்தை அழுகையும் இரைச்சலும் மூடிவிடும்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இந்த மோசடிக்கு நகல் குரல் கட்டாயம்கூட இல்லை. ஜப்பானில் இதற்கு ‘ஓரே ஓரே’ என்று பெயர். ‘நான்தான், நான்தான்’ என்று பொருள். கணினி எதுவும் குரலைச் செய்யாத காலத்தில், 2000களின் தொடக்கத்திலேயே அங்கே முதியவர்களை இப்படிக் கூப்பிட்டு, நான்தான், விபத்து, பணம் வேண்டும் என்பார்கள். குரல் வேறுமாதிரி இருக்கிறதே என்றால் சளி என்பார்கள். இந்தப் பக்கம் இருக்கும் தாயே மகன் பெயரைச் சொல்லிவிடுவாள். குரலை அவள் மனசே போட்டு நிரப்பிக்கொள்ளும். குரல் பொருந்தாமலே ஏமாந்த இடத்தில் இப்போது குரலும் பொருந்துகிறது. ஆகவே குரலில் எங்கே தட்டுகிறது, வார்த்தைக்கு இடையில் இடைவெளி சரியா என்று காதால் துப்புத் துலக்கச் சொல்லும் அறிவுரைகளை நான் நம்புவதில்லை. இன்றைக்குத் தட்டுகிற இடம் அடுத்த வருஷம் தட்டாது. சோதனை குரலுக்கு வெளியே இருக்க வேண்டும்.

2024 ஜூலையில் இத்தாலியின் ஃபெராரி கார் நிறுவன அதிகாரி ஒருவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியது தலைமைச் செயல் அதிகாரி பெனடெட்டோ விஞ்ஞாவின் குரல். அவருடைய தென் இத்தாலி உச்சரிப்பு அப்படியே இருந்தது. ரகசியமான ஒரு பெரிய வியாபாரம் பற்றிப் பேச்சு. அதிகாரிக்கு எங்கோ உறுத்தியது. மன்னிக்க வேண்டும், நீங்கள்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, சில நாள் முன்பு எனக்கு ஒரு புத்தகம் படிக்கச் சொன்னீர்களே, அது என்ன என்று கேட்டார். அழைப்பு அத்தோடு துண்டிக்கப்பட்டது. குரலை ஆராயாமல், அந்த இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டதுதான் அவர் செய்த காரியம்.

இது நமக்குப் புதிதில்லை. மாரீசன் இராமன் குரலில் கதறியதை நம்பித்தான் சீதை இலக்குவனை அனுப்பினாள். அதனால் பட்ட பாட்டுக்குப் பிறகு, அசோக வனத்தில் அனுமன் வந்து நின்றபோது இவனும் மாயமோ என்று ஐயப்பட்டாள். இராமன் கணையாழியோடு தங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகளையும் சொல்லி அனுப்பியிருந்தான். சீதை பதிலுக்குச் சூடாமணி தந்தாள். கூடவே, தன் கிளிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது கைகேயியின் பெயரை வைக்கச் சொன்னதை நினைவூட்டச் சொன்னாள். கம்பர் அதைச் சூடாமணிப் படலத்தில் வைத்திருக்கிறார். நகையைத் திருடலாம், குரலைத் திருடலாம். கிளியின் பெயரை இருவர்தான் அறிவார்கள்.

அமெரிக்காவின் எஃப்பிஐ 2024 டிசம்பரில் மக்களுக்குச் சொன்னதும் இதுவே. குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லையோ தொடரையோ வைத்துக்கொள்ளுங்கள் என்றது. கேட்க எளிதாக இருக்கிறது. எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் அதில் இருக்கிற நெளிவுசுளிவு தெரிந்தது.

அம்மா திருநெல்வேலியில் தனியாக இருக்கிறாள். வயது எழுபத்து நான்கு. ஒரு சொல் வைப்போம் என்றதும் ‘முருகா’ என்றாள். ஆபத்தில் யாரும் தானாகவே சொல்லிவிடக்கூடிய சொல் அது, அழுகிற திருடனும் சொல்வான், வேண்டாம் என்றேன். அக்கா மகன் நாய்க்குட்டியின் பெயரைச் சொன்னான். அது அவன் இன்ஸ்டாகிராமில் படத்தோடு இருக்கிறது. பிறந்த ஊர், குலதெய்வம், வீட்டில் கூப்பிடும் பெயர் எல்லாம் இப்படியே கழிந்தன. கடைசியில் ‘தூக்குவாளி’ என்று முடிவானது. முப்பது வருஷம் முன்பு மதுரை ரயில் நிலையத்தில் புளியோதரையோடு ஒரு தூக்குவாளியை விட்டுவிட்டு வந்த கதை எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா மறக்கவே முடியாத சொல். அதை இங்கே எழுதலாம், இப்போது அது செல்லாது. ஏன் செல்லாது என்பதுதான் முக்கியம்.

அந்த வாரத்தில் ஒருநாள் சோதித்துப் பார்ப்போம் என்று அம்மாவிடம் சொல்லியே வைத்திருந்தோம். அக்கா மகன் தன் நண்பனின் போனிலிருந்து கூப்பிட்டான். “ஆச்சி, நான்தான்... வண்டில அடிபட்டுட்டேன்” என்று அழுதான். ஒத்திகைதான் என்று தெரிந்தும் அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. “ஏல, எங்கல இருக்க? ஐயோ... நம்ம தூக்குவாளி என்னல ஆச்சு, சொல்லு!” என்றாள்.

சொல்லைத் தானே கொடுத்துவிட்டாள். அழைத்தவன் திருடனாக இருந்தால், ஆமாம் ஆச்சி தூக்குவாளி என்று சொல்லிவிட்டு ஐம்பதாயிரம் கேட்டிருப்பான். பதறுகிற மனம் கேட்பதாக நினைத்து விடையைச் சொல்லிவிடும். எனவே சொல்லைத் தேர்வதைவிடக் கேள்வியைப் பழக்குவதுதான் பெரிய வேலை. இப்போது அம்மா வீட்டில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. பெரிய எழுத்தில் ‘வீட்டுச் சொல் என்ன?’ என்று மட்டும் இருக்கும். சொல் அதில் இல்லை. கேட்பவர் கேள்வியை மட்டும் கேட்க வேண்டும். குறிப்புத் தரக்கூடாது, முதல் எழுத்தைச் சொல்லக்கூடாது. பணம் கேட்கிறவர்தான் சொல்லைச் சொல்ல வேண்டும். மூன்றாவது ஒத்திகையில் அம்மா சரியாகக் கேட்டாள். புதுச் சொல்லை நேரில் காதோடு சொன்னோம், வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. ஒரு போன் பறிபோனால் அதிலிருக்கிற செய்தி எல்லாம் பறிபோகும். ஒருமுறை போனில் உபயோகித்துவிட்டாலும் சொல்லை மாற்றிவிடுவது என்று வைத்திருக்கிறோம்.

கேட்டதும் எதிர்முனையில் என்ன நடக்கும்? நேரமில்லை அம்மா, விளையாடாதே என்று கத்தலாம். வாயில் அடிபட்டிருக்கிறது, பேச முடியவில்லை என்று சொல்லலாம். ‘போலீஸ்காரர்’ போனைப் பிடுங்கிக்கொண்டு, பையனைப் பேச விட முடியாது என்று அதட்டலாம். அதற்கும் அதே கேள்விதான்: அவனிடம் கேட்டு அந்தச் சொல்லை நீங்களே எனக்குச் சொல்லுங்கள். பிள்ளை நிஜமாகவே அவர் பக்கத்தில் இருந்தால் அந்த ஒரு சொல்லைக் கேட்டுச் சொல்ல அரை நிமிஷம் ஆகாது. உண்மையான கடத்தல்காரனுக்குக்கூடப் பிள்ளை தன்னிடம்தான் இருக்கிறது என்று நிரூபிக்கிற தேவை இருக்கிறது. பொய்யானவனுக்கு மட்டும்தான் அது முடியாது.

ஆனால் சொல் வரவில்லை என்பதாலேயே அழைத்தது பொய் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. நிஜமாகவே தலையில் அடிபட்ட பிள்ளைக்குச் சொல் மறந்துபோகலாம். அந்த நேரத்தில் சொல்லின் வேலை ஒன்றே: பணம் போவதை நிறுத்திவைப்பது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கிற பிள்ளையின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வந்த எண்ணுக்குத் திருப்பி அடிக்க வேண்டாம். திரையில் மகன் பெயரே தெரிந்தாலும் அதுவும் சான்றில்லை, எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். அவன் எடுக்கவில்லை என்றால் அடுத்தது யார்? இதற்குத்தான் அறை நண்பன், விடுதிக் காப்பாளர், உடன் வேலை செய்கிறவர் என்று இரண்டு எண்கள் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். பிள்ளை தேர்வறையிலோ விமானத்திலோ இருந்தால் அவன் போன் எப்படியும் அடிக்காது. அந்த இடைவெளிதான் மோசடிக்காரனுக்கு வாய்ப்பு.

போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டினால் அதற்குக் காரணம் உண்டு. நீங்கள் இன்னொருவரைக் கூப்பிட்டுவிட்டால் அவன் கதை முடிந்தது. அரிசோனாவில் அந்தத் தாயைக் கரைசேர்த்ததும் பக்கத்தில் இருந்தவர்களின் போன்கள்தான். தனியாக இருக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லி வையுங்கள்: அழைப்பைத் துண்டிக்கப் பயமாக இருந்தால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டட்டும்.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். நாடு முழுக்க இயங்கும் இந்த உதவி எண், வங்கிகளோடும் பணப் பரிமாற்ற நிறுவனங்களோடும் இணைந்தது. பணம் மோசடிக்காரனின் முதல் கணக்கிலோ இரண்டாம் கணக்கிலோ இருக்கும்போதே தகவல் போனால் அங்கேயே முடக்க முடியும். அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி, ஏடிஎம்மில் ரொக்கமாகிவிட்டால் கிடைப்பது கடினம். ஜிபேயிலோ போன்பேயிலோ அனுப்பியிருந்தால், அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து 12 இலக்க யுபிஐ எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் போகாமல் தப்பித்தவர்களும், வந்த எண்ணை சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பிரிவில் தெரிவிக்கலாம்.

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஒன்றாக உட்காரும் நேரத்தில் வீட்டுச் சொல்லை முடிவு செய்யுங்கள். பெரியவர்கள் சொல்கிற சொல்லாகவே இருக்கட்டும். ஒருமுறை அழுது நடித்துக் கூப்பிட்டுப் பாருங்கள், யார் எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். போனில் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லித் தராதீர்கள்.